நியூஸ்பிரிண்டில் அடையாத எழுத்து: சின்ன அளவுத் தமிழ் ஃபாண்டில் இங்க் ட்ராப் வெட்டும் முறை

மேட்டுப்பாளையம் மண்டியின் காய்கறி விலைப் பட்டியல், தேயிலை ஃபேக்டரியின் பசுந்தேயிலைச் சீட்டு, திருவிழா வரவு செலவு நோட்டீஸ் என்று குன்னூர், கோத்தகிரி பக்கத்து அச்சகங்களுக்கு வரும் சின்ன வேலைகளில் புகார் எப்போதும் ஒன்றுதான். ஸ்க்ரீனில் தெளிவாக இருந்த 7 பாயின்ட் எழுத்து, நியூஸ்பிரிண்டில் இறங்கியதும் அடைந்துபோகிறது. 4-இன் உள்முக்கோணம் ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது, 3-ஐ 8 என்று படிக்கிறார்கள், ‘கே’ பார்க்க ‘கெ’ போல ஆகிவிடுகிறது.

மை தேங்கும் மூலைகளில் முன்கூட்டியே ஒரு வெட்டு விட்டுவைப்பதுதான் இங்க் ட்ராப். புதிதாகச் செய்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில். வெட்டிவிட்டு அளக்கிறார்கள். முதலில் அளக்க வேண்டும், அடுத்து எழுத்தை மெலிக்க வேண்டும், கடைசியில்தான் வெட்ட வேண்டும். கீழே 7 பாயின்ட் விலைப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் 4 என்ற ஒரே எண்ணை முழுக்க வெட்டிக் காட்டுகிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாற்ற அனுமதியுள்ள ஃபாண்ட் வேண்டும். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வந்த நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றைத் திருத்தலாம். லைசென்ஸ் கோப்பில் `Reserved Font Name` என்ற வரி இருந்தால், திருத்திய ஃபாண்டுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. வரி இல்லாவிட்டாலும் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும், காரணம் 8-ஆம் படியில் வருகிறது. ஒரே குடும்பத்தில் மெல்லிய எடைகளும் உள்ள ஃபாண்டாகத் தேர்ந்தெடுங்கள்.

திருத்த ஃபாண்ட்ஃபோர்ஜ் போதும், இலவசம். அளக்க 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்றும், 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனர் ஒன்றும் வேண்டும். அந்த டிபிஐயில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 10.6 மைக்ரான் என்பதால், பிக்சலை எண்ணியே மை எவ்வளவு தூரம் பரவியது என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை ஓடப்போகும் அதே காகிதம், அதே மெஷின், அதே மை. அச்சகத்தில் லேசர் பிரிண்டர் இருக்கிறதே என்று அதில் எடுத்துப் பார்ப்பது வீண். டோனர் காகிதத்தின் மேலே உட்கார்ந்துவிடும். 45 ஜிஎஸ்எம் நியூஸ்பிரிண்டில் ஆஃப்செட் மை உறிஞ்சப்பட்டுப் பக்கவாட்டில் ஓடும். இரண்டும் வேறு வேறு விஷயம்.

## 2. மை எவ்வளவு பரவுகிறது என்று அளங்கள்

இங்க்ஸ்கேப்பில் ஒரு சோதனைப் பட்டை வரையுங்கள். அதில் இரண்டே உருவங்கள் போதும். முதலாவது, கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை இடுக்குகள்: 20, 40, 60, 80, 100, 120 மைக்ரான் அகலத்தில். இரண்டாவது, கறுப்புக் கட்டத்துக்குள் கூம்பாகக் குறுகும் வெள்ளை வெட்டுகள்: 30, 40, 60, 90 டிகிரி கோணங்களில். பட்டையைத் தனியாக ஓட்ட வேண்டியதில்லை. வேறு ஏதாவது வேலையின் ஓரத்தில், வெட்டிப் போகும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தாளை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். மலையில் காலை நேரத்தில் மை இறுகிக் கிடக்கும். இறுகிய மை நியூஸ்பிரிண்டின் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு வரும். “மை இழுக்குதுங்க, கொஞ்சம் ரெட்யூசர் விட்டுக்கறேன்” என்பார் மெஷின்மேன். அவர் சொல்வது சரிதான், ஆனால் இளகிய மை இன்னும் கூடப் பரவும். அதனால் மெஷின் சூடாகி, மையும் தண்ணீரும் நிலைத்து, வேலை வழக்கமான வேகத்துக்கு வந்த பிறகு நடுவிலிருந்து நாலைந்து தாள் உருவுங்கள். முதல் கட்டிலிருந்து எடுத்த தாளை நம்பி வெட்டினால் கணக்கு முழுக்கத் தப்பும்.

தாளை ஸ்கேன் செய்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இடுக்குகளில் எது திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது என்பது. 60 மூடி, 80 மயிரிழையாகத் திறந்திருந்தால், இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து சுமார் 70 மைக்ரான் மை நுழைந்திருக்கிறது. அதாவது ஓர் ஓரத்துக்கு 35. இரண்டாவது, கூம்பின் வெள்ளை நுனி வரைந்த இடத்திலிருந்து எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பது.

இந்த இரண்டாவது எண்தான் பலரும் எடுக்காமல் விடுவது. ஓரம் 35 மைக்ரான் நகர்ந்தால் மூலையும் 35 மைக்ரான்தான் நகரும் என்று நினைக்கிறார்கள். 40 டிகிரிக் கூம்பில் இரண்டு ஓரமும் உள்ளே வரும்போது, அவை சந்திக்கும் புள்ளி ஏறக்குறைய மூன்று மடங்கு தூரம் பின்வாங்கும். வெறும் வடிவக் கணக்குப்படியே 102 மைக்ரான். மூலையில் மை தேங்குவதால் உண்மையில் இன்னும் கூடும். நம் உதாரணத்துக்கு 150 என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம்.

## 3. முதலில் எழுத்தை மெலியுங்கள்

கோடு முழுக்கத் தடித்துவிட்ட எழுத்தில் மூலையை மட்டும் வெட்டிப் பயனில்லை. வெட்டு வேலை செய்தாலும் எழுத்து கறுத்துத்தான் தெரியும். எனவே ரெகுலரை விட்டுவிட்டு, ஒரு படி மெல்லிய எடையிலிருந்து தொடங்குங்கள்.

ஃபாண்ட்ஃபோர்ஜில் `Change Weight` என்று ஒரு வசதி இருக்கிறது. அதைக் கொண்டு ரெகுலரையே மெலிக்கலாமே என்று தோன்றும். லத்தீன் எழுத்தில் ஓரளவு தப்பிக்கலாம், தமிழ்ச் சுழிகளில் அது வளைவுகளைக் கோணலாக்கிவிடும். வடிவமைத்தவர் வரைந்த மெல்லிய எடை இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

ரூலரை வைத்து நிமிர்கோட்டின் அகலத்தை அளங்கள். ஃபாண்டுக்குள் அளவு யூனிட்டில்தான் இருக்கும், அதை மைக்ரானோடு பொருத்தும் கணக்கு அடுத்த படியில் வருகிறது. ரெகுலரில் 80 யூனிட், மெல்லியதில் 64 என்று கொள்வோம். ஓரத்துக்கு 8 யூனிட் மெலிந்திருக்கிறது. 7 பாயின்டில் 64 யூனிட் என்பது சுமார் 158 மைக்ரான், மை பரவியதும் 228 ஆகும். ரெகுலர் ஸ்க்ரீனில் தெரிவதைவிட இதுவே சற்றுத் தடிமன்தான். இன்னும் மெலிக்கலாமே என்று கை நீளும். 100 மைக்ரானுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். மை குறைந்த தாளில் கோடு விட்டு விட்டு விழும், அப்போது அடைந்த எழுத்தே தேவலாம் என்றாகிவிடும்.

## 4. மைக்ரானை யூனிட்டாக மாற்றுங்கள்

ஃபாண்டுக்குள் மைக்ரான் கிடையாது, யூனிட்தான். `Element > Font Info > General` பகுதியில் `Em Size` எவ்வளவு என்று பாருங்கள். 1000 என்றால், 7 பாயின்டில் ஒரு யூனிட் 2.47 மைக்ரான். அதே யூனிட் 10 பாயின்டில் 3.53 மைக்ரான் ஆகிவிடும். எந்த அளவில் அச்சிடப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு வெட்டுகூடப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

மூலை பின்வாங்கிய தூரத்தில் ஒரு பகுதியை மெல்லிய எடை ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. மீதியைத்தான் வெட்ட வேண்டும்:

```
import math
pt = 7
konam = 40
pinvangal = 150
melivu = 8
unit = pt * 352.8 / 1000
aazham = pinvangal / unit - melivu / math.sin(math.radians(konam / 2))
print(round(aazham))
```

விடை 37 யூனிட். `Em Size` 1000 அல்லாமல் 2048 ஆக இருந்தால் மூன்றாவது கடைசி வரியில் 1000-க்குப் பதில் அதைப் போடுங்கள், `melivu` எண்ணும் அந்த ஃபாண்டில் அளந்ததாகவே இருக்க வேண்டும். கணக்கு தருவது முதல் வெட்டின் ஆழத்தை மட்டும்தான். சரியா தப்பா என்று சொல்ல வேண்டியது தாள்.

## 5. எந்த மூலையை வெட்டுவது

எல்லா மூலையையும் வெட்டினால் எழுத்து எலி கடித்ததுபோல் ஆகும். 70 டிகிரிக்குக் குறைவான உள்மூலைகளை மட்டும் எடுங்கள். ப, ம, ட போன்றவற்றின் செங்கோண மூலைகளில் சேரும் மையைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

எண்களில் தேட வேண்டிய இடங்கள் 4-இன் உள்முக்கோணம், 3-இன் நடு, 8-இன் இடுப்பு, 7-இன் தோள். விலைப் பட்டியல் என்றால் எண்களிலிருந்தே தொடங்குங்கள். ‘பூண்டு’ கொஞ்சம் கறுத்தாலும் படிப்பவர் ஊகித்துக்கொள்வார், விலையை யாரும் ஊகிக்கக் கூடாது.

தமிழில், சாய்ந்த வால் நிமிர்கோட்டைத் தொடும் இடங்களைப் பாருங்கள். ‘ர’வின் அடிச்சாய்வும் ‘ஏ’யின் அடிச்சாய்வும் முக்கியம். அந்த இரண்டு இடமும் அடைந்தால் ‘ர’ காலாகவும், ‘ஏ’ ‘எ’யாகவும் மாறும் அபாயம் உண்டு. அடுத்து ‘க’வில் குறுக்குக்கோடும் நிமிர்கோடும் சேரும் இடம். ண, ன போன்றவற்றில் சுழி கோட்டோடு ஒட்டும் கூரான இடுக்கும் உண்டு. அங்கே ஓரங்கள் வளைந்தபடியே சேருவதால் கோணம் ஏறக்குறைய பூஜ்யம், கணக்குப் போட்டால் ஆழம் எங்கேயோ போய் நிற்கும். 30 டிகிரி என்று வைத்துக்கொண்டு வெட்டுங்கள், அதற்கு மேல் ஆழம் வேண்டாம்.

## 6. ஒரு மூலை, முழுக்க: 4

4-இன் உள்முக்கோணத்தில் மேல் மூலை 40 டிகிரி, இடது மூலை 50, நிமிர்கோடும் குறுக்குக்கோடும் சேருமிடம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் மூலையிலிருந்து தொடங்குவோம்.

உள்மூலையிலிருந்து இரண்டு ஓரங்களிலும் 70 யூனிட் தள்ளி ஆளுக்கொரு புள்ளி சேருங்கள். வெட்டு அங்கிருந்து தொடங்கும். பிறகு பழைய மூலைப்புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தைவிட 37 யூனிட் ஆழத்தில், ஒன்றுக்கொன்று 16 யூனிட் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். புள்ளியின் இடத்தைக் கண்ணால் வைக்காதீர்கள். `Element > Get Info` திறந்து எண்ணாகவே கொடுங்கள். நான்கு புள்ளிகளையும் நேர்க்கோடுகளால் இணைத்தால், நுனி மழுங்கிய ஆப்பு வடிவம் கிடைக்கும்.

ஆப்பு ஏன், மெல்லிய கீறல் ஏன் கூடாது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம். நம் தாளில் 70 மைக்ரானுக்குக் குறைந்த இடுக்கு எதுவும் திறந்திருக்கவில்லை என்று இரண்டாம் படியில் பார்த்தோம். 7 பாயின்டில் அது 28 யூனிட். பத்து யூனிட் அகலத்தில் ஓர் ஊசிக்கீறல் போட்டால், மை முதல் நொடியிலேயே அதை மூடிவிட்டு மூலைக்கு வந்து பழையபடி தேங்கும். கீறல் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாது. நாம் வைத்த ஆப்பை, பழைய மூலை இருந்த இடத்தில் குறுக்கே அளந்து பாருங்கள், ஏறக்குறைய 28 யூனிட் வரும். 70, 16 என்ற எண்கள் அதற்காகவே தேர்ந்தவை.

போஸ்டர் ஃபாண்டுகளில் அழகுக்காக விடும் மெல்லிய பிளவுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மேத்யூ கார்ட்டர் 1978-இல் அமெரிக்க டெலிபோன் டைரக்டரிக்காக வரைந்த பெல் சென்டெனியலைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டுகள் கூச்சமில்லாமல் அகலமாக இருக்கும்.

வெட்டிய பின் மிச்சமிருக்கும் கழுத்தை ரூலரால் அளங்கள். ஆப்பின் நுனிக்கும் எழுத்தின் வெளி ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 50 யூனிட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மை குறைந்த தாளில் 4 இரண்டு துண்டாக விழும். கழுத்து போதவில்லை என்றால் ஆழத்தைக் குறையுங்கள், அகலத்தைக் குறைக்காதீர்கள்.

50 டிகிரி மூலைக்கு அதே ஆப்பு, ஆழம் 30. செங்கோண மூலையை அப்படியே விட்டுவிட்டேன். எண்ணின் மொத்த அகலத்தைத் தொட வேண்டாம். எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் இருந்தால்தான் பட்டியலில் ரூபாய்க்குக் கீழே ரூபாய் நிற்கும்.

முடித்ததும் `Element > Simplify` அழுத்திவிடாதீர்கள். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அது ஆப்பின் நுனியைத் தின்றுவிடலாம். அதோடு, ‘க’வில் வெட்டிவிட்டோம், ‘கு’விலும் வந்திருக்கும் என்று இருந்துவிடக் கூடாது. கு, கூ, ரு, ரூ எல்லாம் பெரும்பாலும் தனித்தனியாக வரைந்த கிளிஃப்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

## 7. சுழிக்கு வெட்டு உதவாது

‘ே’யின் மேல்சுழி, ‘ீ’யின் சுழி, ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் முழுக்க மூடிய வளையங்கள். அவற்றில் மூலையே இல்லை. அங்கே வெட்டுப் போட இடம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டியது வெட்டு அல்ல, உள்வெள்ளையைப் பெரிதாக்குவது.

‘ே’யின் மேல்சுழிக்குள் வெள்ளை 50 யூனிட் என்றால், மை 28 யூனிட்டை விழுங்கிய பிறகு மிச்சம் 22, அதாவது 54 மைக்ரான். அது தாளின் பஞ்சு ஒன்று விழுந்தாலே அடைந்துவிடும். உள்வளையத்தை 76 யூனிட்டுக்கு விரித்தால் மிச்சம் சுமார் 119 மைக்ரான், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். விரிக்கும்போது வெளி வளையத்தையும் கொஞ்சம் சேர்த்துத் தள்ளுங்கள், கோடு 40 யூனிட்டுக்குக் கீழே மெலியக் கூடாது. சுழி வெளியே வளர்ந்து மேல்வரியின் எழுத்தைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். ஸ்க்ரீனில் சுழி கொஞ்சம் பூதாகரமாகத் தெரியும். தெரியட்டும்.

இதில் ஒரு வசதி உண்டு. ‘கே’, ‘கோ’ இரண்டுக்கும் முன்னால் வருவது பெரும்பாலும் ஒரே ‘ே’ என்பதால், ஒன்றைத் திருத்தினால் போதும்.

## 8. பெயர், பிடிஎஃப், பிளேட்

`Element > Font Info` சென்று `PS Names`, `TTF Names` இரண்டிலும் பெயரை மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். பெயர் மாறாத ஃபாண்டை நிறுவினால், கணினி எதை எடுக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. எங்கள் பக்கத்துக்குப் பிளேட் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறது. அங்கே கோப்பைத் திறந்தவர் கணினியில் அதே பெயரில் பழைய ஃபாண்ட் இருந்தால், வெட்டில்லாத எழுத்தோடு பிளேட் வந்து இறங்கும். மெஷினில் ஏற்றும்வரை யாருக்கும் தெரியாது.

பிடிஎஃப் எடுத்ததும் இதை ஓட்டுங்கள்:

```
pdffonts vilai.pdf
```

உங்கள் புதிய பெயர் வர வேண்டும், `emb` பத்தியில் `yes` இருக்க வேண்டும். அதற்கு முன் கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ நான்கையும் புதிய ஃபாண்டில் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஏற்றுமதியில் எழுத்துச் சேர்க்கை விதிகள் உடைந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

நிறம் 100 சதவீதக் கறுப்பு மட்டும். சாம்பல் நிறத்தில் 7 பாயின்ட் எழுத்துப் போட்டால், ஓரமெல்லாம் புள்ளிகளாக உடைந்து வெட்டு காணாமல் போகும்.

பிளேட் கணினியிலிருந்து நேராகச் சிடிபி மெஷினில், 2400 டிபிஐயில் எடுக்கப்படுகிறது என்றால் கவலையில்லை. லேசர் பிரிண்டரில் 600 டிபிஐயில் எடுக்கும் பிளேட் என்றால் ஒரு பிக்சலே 42 மைக்ரான், 7 பாயின்டில் 17 யூனிட். நம் ஆப்பின் நுனி 16 என்பதால் அது பிக்சலில் விழலாம், விழாமலும் போகலாம். அந்த மாதிரி பிளேட்டுக்கு நுனியை 34 யூனிட்டுக்கு அகலப்படுத்தி, ஆழத்தைக் கால்வாசி குறைப்பது பாதுகாப்பு.

## 9. இரண்டாம் சோதனையைப் படிப்பது

அதே காகிதம், அதே மெஷின். மை குறைவாக ஒன்று, வழக்கமாக ஒன்று, கூடுதலாக ஒன்று என்று மூன்று தாள் கேட்டு வாங்குங்கள். வழக்கமான தாளை லூப்பில் பாருங்கள். 4-இன் உள்மூலை கூராக நின்றால் ஆழம் சரி. மூலைக்கு உள்ளே கறுப்பில் வெள்ளைப் பல் ஒன்று தெரிந்தால் வெட்டு அதிகம், ஐந்து யூனிட் குறையுங்கள். மூலை உருண்டிருந்தால் முதலில் ஆழத்தைச் சந்தேகிக்காதீர்கள். ஆப்பு அகலம் போதாமல் மூடிக்கொண்டிருக்கும், அதைப் பாருங்கள்.

மை குறைந்த தாளில் சிறிய வெள்ளைப் பல் தெரிவது குற்றமில்லை. மை கூடிய தாளில் எல்லாம் அடைந்திருந்தால், வெட்டைக் கூட்டி அதைச் சமாளிக்க முயல வேண்டாம், மையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க மூலைகள் மட்டும் அடைந்து எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தால், அது மை பரவல் அல்ல. தாளோ பிளாங்கெட்டோ வழுக்கி எழுத்து இழுபடுகிறது, மெஷினைத்தான் சரி செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, பிரித்து வைத்த நியூஸ்பிரிண்ட் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். வெயில் காலத்தில் எடுத்த அளவு அப்போது பொருந்தாமல் போகலாம். சோதனைப் பட்டையை அந்த மாதங்களில் இன்னொரு முறை ஓட்டி, இடுக்கு எண் மாறியிருந்தால் மட்டும் ஃபாண்டைத் தொடுங்கள்.

## 10. எங்கே போடக் கூடாது

7 பாயின்டுக்கு வெட்டியது 6.5 முதல் 8 வரை ஓடும். அதே ஃபாண்டில் 14 பாயின்ட் தலைப்பு வைத்தால் வெட்டுகள் பல்லிளிக்கும். தலைப்புக்குப் பழைய ரெகுலரையே வையுங்கள். ஆர்ட் பேப்பரிலும் வேண்டாம், அங்கே மை பரவுவது மிகக் குறைவு. வாட்ஸாப்பில் அனுப்பும் பிடிஎஃபுக்கும் வெட்டில்லாத ஃபாண்டில் தனிப் பிரதி எடுங்கள். இல்லையென்றால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘எழுத்து உடைஞ்சிருக்கு’ என்று போன் வரும்.

இடம் போதவில்லை என்று 5.5 பாயின்டுக்கு இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு யூனிட் 1.94 மைக்ரான்தான், மை மட்டும் அதே 70 மைக்ரானை எடுத்துக்கொள்ளும், அதாவது 36 யூனிட். ஞ, ணை போன்ற எழுத்துகளில் சுழியை அந்த அளவுக்கு விரிக்க இடமே கிடையாது. பட்டியலில் ‘நேற்றைய விலை’ பத்தியை எடுத்துவிட்டால் 7 பாயின்ட் தாராளமாகக் கொள்ளும்.